ஓரிடத்தில் அமுக்கினால் வேறிடத்தில் எழும்

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், நொடிக்கு 120 தடவை தடம் ஆடும். படிக்கும் முனையைத் தடத்தில் நிறுத்துவது பின்னூட்டக் கட்டுப்பாடு. அந்த ஆட்டத்தில் எவ்வளவு பிழையாக மிஞ்சுகிறது என்பதை உணர்திறன் சார்பு S சொல்லும். அளவீட்டு இரைச்சல் முனையை எவ்வளவு அசைக்கிறது என்பதை நிரப்பு உணர்திறன் சார்பு T சொல்லும்.

எந்த அதிர்வெண்ணிலும் S + T = 1. இரண்டையும் ஒரே இடத்தில் சிறிதாக்க முடியாது. அதனால் 120 ஹெர்ட்ஸில் S-ஐ 0.1 அளவுக்குக் குறைப்பார்கள். இரைச்சல் மிகுந்த உயர் அதிர்வெண்களில் T-ஐக் குறைப்பார்கள்.

சிக்கல் நடுவில்தான். 120-இல் மேலும் அமுக்கினால், போடே கண்ட விதிப்படி, இடைப்பட்ட அதிர்வெண்களில் S ஒன்றைத் தாண்டும். அதன் உச்சம் 2 ஆனால், அங்கே வரும் அதிர்வு இரட்டிப்பாகும். நிலைகுலையாமல் காக்கும் இடைவெளியும் சுருங்கும். ஆகவே வடிவமைப்பாளர் முதலில் பார்ப்பது அந்த உச்சத்தைத்தான்.