வாடகை குறைவான வீடு எது?

வேளச்சேரியில் வீடு தேடும் ஒருவரின் வாட்ஸ்அப்பில் மூன்று வாடகை ஒப்பந்தங்கள் பிடிஎஃப் ஆக வந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் 11 மாதத்துக்கு. வாடகை 15,000, 14,000, 14,500. கண் நேராக 14,000-க்குத்தான் போகும்.

கையெழுத்துக்கு முன் ஒரு தாளில் மூன்றையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

| | வீடு அ | வீடு ஆ | வீடு இ |
|---|---|---|---|
| வாடகை + மெயின்டனன்ஸ் | 15,000 | 14,000 | 14,500 + 1,000 |
| நோட்டீஸ் | 1 மாதம் | 1 மாதம் | 2 மாதம் |
| இடையில் காலி செய்தால் | எப்போது கிளம்பினாலும் பெயின்டிங் 15,000 | மீதி மாத வாடகை முழுதும் | குறைந்த நோட்டீஸுக்கு வாடகை |
| 6-ஆம் மாத முடிவில் காலி செய்தால் மொத்தம் | 1,05,000 | 1,54,000 | 1,07,500 |

கடைசி வரிசைக்காகத்தான் இந்த அட்டவணையே. வேலை மாறி, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து ஆறாம் மாத முடிவில் கிளம்புவதாகக் கணக்கு. ஆ வீட்டில் ஆறு மாத வாடகை 84,000. தங்காத ஐந்து மாதத்துக்கு 70,000. வாடகை குறைந்த வீடுதான் விலை கூடியது. 11 மாதமும் தங்கினால் கணக்கு தலைகீழ்: அ வீட்டுக்கு, கிளம்பும்போது கட்ட வேண்டிய பெயின்டிங் செலவோடு 1,80,000, இ வீட்டுக்கு 1,70,500, ஆ வீட்டுக்கு 1,54,000தான். ஆகவே எவ்வளவு நாள் இருப்போம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அபராதம் பெரும்பாலும் ‘அபராதம்’ என்ற பெயரில் இருக்காது. அட்வான்ஸ் பற்றிய பத்தியின் வாலில், ‘பிடித்தம் செய்துகொள்ளலாம்’ என்று ஒளிந்திருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் தேடினால் பெரும்பாலும் எந்தச் சொல்லும் கிடைக்காது. அதனால் ‘அப்படியொரு ஷரத்தே இல்லை’ என்று எண்ணிவிடாதீர்கள். முழுதும் படித்து, அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பக்க எண்ணைக் குறியுங்கள். எதுவும் எழுதப்படாத இடத்தில் ‘சொல்லவில்லை’ என்று எழுதி, ஹவுஸ் ஓனரிடம் கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் இருவருக்கும் ஒரே அளவா என்பதும் முக்கியம். குடியிருப்பவருக்கு இரண்டு மாதம், ஓனருக்கு ஒரு மாதம் என்று எழுதியிருந்தால் திருத்தக் கேளுங்கள்.

கையெழுத்து போட்டாகிவிட்டதா? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, எழுதிய அபராதத் தொகையை உச்சவரம்பாகவே பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். காலியான அடுத்த மாதமே ஆ வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டால், ஐந்து மாத வாடகை முழுவதையும் கேட்பது நியாயமாகாது என்று வாதாடலாம். ஆனால் அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கும். அலைய வேண்டியவர் நீங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

‘மீதி மாத வாடகை முழுதும்’ என்ற வரியை ‘ஒரு மாத வாடகை மட்டும்’ என்று மாற்றச் சொல்லும் பலம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்புதான் உங்களுக்கு உண்டு. அப்போதே கேளுங்கள்.