உராய்வுக்கு அம்புக்குறி எந்தப் பக்கம்?

பிளஸ் ஒன் இயற்பியலில் ‘இயக்க விதிகள்’ பாடத்தைத் தொட்டவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். சாய்தளத்தில் ஒரு கட்டை. அதில் கட்டிய கயிறு உச்சியிலுள்ள கப்பியின் மேலேறி மறுபக்கம் இறங்குகிறது. அந்த முனையில் இன்னொரு கட்டை தொங்குகிறது. சாய்தளத்தில் உராய்வும் உண்டு. கட்டைகள் நகருமா? நகர்ந்தால் முடுக்கம் எவ்வளவு? இதில் மதிப்பெண் போவது பெரும்பாலும் விசைப்படத்தில், உராய்வுக்கு அம்புக்குறி போடும் இடத்தில்தான்.

எண்களோடு பார்ப்போம். சாய்வு 30 டிகிரி. மேலே இருக்கும் கட்டை 4 கிலோ. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். கயிறும் கப்பியும் எடையற்றவை. கப்பி உராய்வின்றிச் சுழலும்.

முதலில் 4 கிலோ கட்டையை மட்டும் தனியாக வரைய வேண்டும். சாய்தளம், கயிறு, கப்பி எதுவும் படத்தில் வேண்டாம். அவை கட்டைக்குக் கொடுக்கும் விசைகள் மட்டும் அம்புக்குறிகளாக வரட்டும். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ‘இந்த விசையைக் கொடுப்பது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பூமி கொடுப்பது எடை, 40 நியூட்டன், நேர் கீழே. சாய்தளம் கொடுப்பது செங்குத்து விசை. அது தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும், வானத்தைப் பார்த்து அல்ல. கயிறு கொடுப்பது இழுவிசை, சரிவில் மேல்நோக்கி. ‘நிறை பெருக்கல் முடுக்கம்’ என்று ஓர் அம்புக்குறி போடுபவர்கள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள். அதைக் கொடுக்க யாருமில்லை. மற்ற விசைகளின் கூட்டு விளைவு அது.

அடுத்து எடையைப் பிரிக்கிறோம். சரிவின் வழியே கீழ்நோக்கி 20 நியூட்டன். தளத்தை அழுத்தும் பகுதி சுமார் 34.6 நியூட்டன். செங்குத்து விசையும் அதே 34.6தான், 40 அல்ல. பிரித்த இரண்டையும் வரைந்துவிட்டால் பழைய எடை அம்புக்குறியை அடித்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே எடையை இருமுறை கணக்கில் சேர்த்துவிடுவோம்.

உராய்வை இன்னும் தொடவில்லை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதுதான் முறை. கட்டை சரிவில் நிற்கிறது, எனவே உராய்வு மேல்நோக்கி என்று முதலிலேயே போட்டுவிடுவது தவறு. உராய்வே இல்லாவிட்டால் கட்டை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் போட வேண்டும்.

தொங்குவது 1 கிலோ என்றால் கயிறு மேலே இழுப்பது 10. சரிவு கீழே இழுப்பது 20. கட்டை கீழே போகப் பார்க்கிறது. உராய்வு மேல்நோக்கி 10 நியூட்டன். 2 கிலோ தொங்கினால் இரண்டும் சரிசமம், உராய்வு பூஜ்யம். 3 கிலோ என்றால் கட்டை மேலே போகப் பார்க்கிறது. இப்போது உராய்வு கீழ்நோக்கி 10 நியூட்டன். அதே கட்டை, அதே தளம். தொங்கும் எடை மாறியதும் உராய்வின் திசை புரண்டுவிட்டது.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் சுமார் 13.9 நியூட்டன் வருகிறது. பலர் உராய்வு எப்போதும் அவ்வளவுதான் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஓய்வுநிலை உராய்வின் உச்ச வரம்பு மட்டுமே. கட்டை நிற்கும்வரை, அதை நிறுத்தி வைக்கத் தேவைப்படும் அளவுதான் உராய்வு. அதனால்தான் மேலே பார்த்த மூன்று நிலைகளிலும் கட்டை அசையவில்லை. தொங்கும் கட்டை சுமார் 0.6 கிலோவிலிருந்து 3.4 கிலோ வரை எதுவாக இருந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

5 கிலோ தொங்கவிட்டால்? 50-க்கும் 20-க்கும் வித்தியாசம் 30, வரம்பைத் தாண்டிவிட்டது. கட்டை மேலே நகரும். இனி இயக்க உராய்வு: 0.3 பெருக்கல் 34.6, அதாவது சுமார் 10.4 நியூட்டன், கீழ்நோக்கி. மிஞ்சும் 19.6 நியூட்டன் மொத்தம் 9 கிலோவை இழுக்கிறது. முடுக்கம் ஏறத்தாழ 2.2 மீட்டர்/விநாடி².

இழுவிசையை 50 என்று எழுதிவிடாதீர்கள். தொங்கும் கட்டைக்குத் தனிப்படம் வரைந்தால் அதில் இரண்டே அம்புக்குறிகள்: கீழே 50, மேலே இழுவிசை. கட்டை கீழ்நோக்கி முடுக்கம் பெற வேண்டுமானால் இழுவிசை 50-ஐவிடக் குறைந்தே ஆக வேண்டும். கணக்கிட்டால் சுமார் 39 நியூட்டன். அதே 39-ஐ மேல் கட்டையின் படத்தில் போட்டு, 20-ஐயும் 10.4-ஐயும் கழித்து, 4 கிலோவால் வகுங்கள். மறுபடி 2.2 வந்தால் இரண்டு படங்களும் சரி. வராவிட்டால் சமன்பாட்டைத் திருத்தும் முன், அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.