நூறைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகும் கணக்கு

இயந்திர பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ஒரு பட்டறையில் சுடுநீர்த் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் தண்ணீர், 3 கிலோவாட் ஹீட்டர், மூடி போட்டு வெப்பக் காப்புச் சுற்றிய தொட்டி. தண்ணீர் 60 டிகிரியில் நிற்க வேண்டும். காலை 6 மணிக்கு 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரோடு கன்ட்ரோலரைப் போடுகிறார்கள். ஏழே காலுக்கு 60 டிகிரி வந்துவிடுகிறது. ஆனால் ஹீட்டர் நிற்கவில்லை. முழு வேகத்தில் எரிகிறது. எட்டே காலுக்குத் தண்ணீர் 80 டிகிரியைத் தொடுகிறது. அதன் பிறகு ஹீட்டர் அணைகிறது. அணைந்தது அணைந்ததுதான். பகல் 12.20-க்குத் தண்ணீர் ஆறி மீண்டும் 60-க்கு வருகிறது. அப்போதும் ஹீட்டர் எரியவில்லை. மாலை 4.20 வாக்கில், தண்ணீர் 48 டிகிரிக்கு இறங்கி, பிசுக்குப் போகாமல் பாகங்கள் குவிந்த பிறகுதான் மறுபடி எரியத் தொடங்குகிறது.

இது தாளில் போட்ட கணக்கு. தண்ணீர் நன்றாகக் கலங்குகிறது, இடையில் குளிர்ந்த பாகங்கள் எதையும் முக்கவில்லை என்று வைத்துக்கொண்டு போட்டது. ஆனால் இதில் எந்தப் பாகமும் பழுதில்லை. சென்சார் சரி, ஹீட்டர் சரி, கன்ட்ரோலரில் போட்ட எண்களும் சரி. கோளாறு ஒரு கூட்டல் கணக்கில் இருக்கிறது. பொறியாளர்கள் இதை இன்டக்ரல் வைண்டப் என்கிறார்கள்.

பி.ஐ.டி. கன்ட்ரோலரில் மூன்று பங்குகள். மூன்றாவதான ‘டி’க்கு இந்தக் கதையில் வேலை இல்லை, முதல் இரண்டையும் பார்த்தால் போதும். வேண்டிய வெப்பத்துக்கும் இப்போது இருக்கும் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிழை என்கிறோம். ‘பி’ பங்கு இந்த நொடியின் பிழையை மட்டும் பார்க்கும். நம் தொட்டியில் ஒரு டிகிரி பிழைக்கு 20 சதவீத மின்சாரம் கேட்கும்படி வைத்திருக்கிறோம். ‘பி’ மட்டும் இருந்தால் தண்ணீர் 60-ஐத் தொடவே தொடாது. ஏனென்றால் 60 டிகிரியில் நிறுத்தி வைக்கவே, தொட்டியின் சுவர் வழியே வெளியேறும் வெப்பத்துக்கு ஈடாக 450 வாட், அதாவது 15 சதவீத மின்சாரம் தொடர்ந்து வேண்டும். பிழை பூஜ்யமானால் ‘பி’ கேட்பதும் பூஜ்யம். ஆகவே அது முக்கால் டிகிரி குறைவிலேயே நின்றுவிடும்.

அந்த முக்கால் டிகிரியை அடைக்கத்தான் ‘ஐ’ பங்கு. அது மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டு மாதிரி. பிழை இருக்கும்வரை ஒவ்வொரு நிமிடமும் எழுதிக் கூட்டிக்கொண்டே போகும். நம் தொட்டியில் ஒரு டிகிரி பிழை ஒரு நிமிடம் நீடித்தால் ஒரு சதவீதம் கூடும். கூடிக் கூடி 15 சதவீதத்தை எட்டும்போது பிழை மறையும், கூட்டலும் நிற்கும். சிறிய திருத்தங்களுக்கு இது அழகாக வேலை செய்கிறது.

காலை 6 மணிக்கு என்ன ஆகிறது? பிழை 30 டிகிரி. ‘பி’ 600 சதவீதம் கேட்கிறது. ஹீட்டரால் தர முடிந்தது 100 தான். ஹீட்டர் தன் எல்லையில் முட்டி நிற்பதை ‘சாச்சுரேஷன்’ என்பார்கள். தண்ணீர் தன்னால் முடிந்த வேகத்தில், நிமிடத்துக்கு 0.4 டிகிரி அளவில், சூடாகிறது. இதற்கு மேல் யார் எவ்வளவு கேட்டாலும் ஒரு துளிகூட வேகம் கூடாது. ஆனால் ‘ஐ’க்கு இது தெரியாது. முதல் நிமிடமே 30 சதவீதம் எழுதுகிறது, அடுத்த நிமிடம் இன்னொரு 30. எழுபத்தைந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் 60-ஐத் தொடும்போது நோட்டில் சுமார் 1,100 சதவீதம் நிற்கிறது. தேவையோ 15.

நோட்டில் எழுதியது தானாக அழியாது. எதிர்த்திசைப் பிழை வந்துதான் கழிக்க வேண்டும். அதாவது தண்ணீர் 60-க்கு மேலே போய், அங்கேயே நேரம் கழிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் அப்படிக் கழித்த பிறகுதான் ஹீட்டர் அணைகிறது. பிறகு அதே கதை தலைகீழாக. பூஜ்யத்துக்குக் கீழே ஹீட்டரால் போக முடியாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சக்தி அதற்கில்லை. ஆனால் நான்கு மணி நேரம் தண்ணீர் ஆறும்போது நோட்டில் கழித்தல் கணக்கு ஏறி, மைனஸ் 1,800-ஐத் தாண்டிவிடுகிறது. அந்த மைனஸைத் தீர்க்க, தண்ணீர் 60-க்குக் கீழே இன்னொரு நான்கு மணி நேரம் கிடக்க வேண்டியிருக்கிறது.

கணினிக்கு முந்தைய காலத்தில் இதற்கு ஓர் இயற்கையான வரம்பு இருந்தது. காற்றழுத்தத்தால் இயங்கிய பழைய கன்ட்ரோலர்களில் வால்வுக்குப் போகும் சைகை சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்ட். காற்று வரும் குழாயில் 20 பவுண்ட். ‘ஐ’ வேலையைச் செய்த துருத்தி 15-ஐத் தாண்டினாலும் 20-க்கு மேல் ஊத முடியாது. வைண்டப் அப்போதும் தொல்லைதான், ஆனால் அந்த ஐந்து பவுண்டோடு நின்றது. நுண்செயலியில் ஓர் எண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. யாரும் சொல்லி வைக்காவிட்டால் ஆயிரம், பத்தாயிரம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் தோன்றும் தீர்வு, நோட்டுக்கு ஒரு வரம்பு போடுவது. ‘ஐ’ பங்கு 0-க்குக் கீழும் 100-க்கு மேலும் போகாதே என்று சொல்லிவிடலாம். பல எளிய நிரல்களில் இவ்வளவுதான் இருக்கும். நம் தொட்டியில் இதைப் போட்டால் உச்சம் 80-லிருந்து சுமார் 62.5-க்கு இறங்குகிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் தண்ணீர் 60-ஐத் தொடும் கணத்தில் நோட்டில் முழு நூறு நிற்கிறதே! வேண்டியது பதினைந்து, மிச்ச எண்பத்தைந்தைத் தீர்க்கத்தான் அந்த இரண்டரை டிகிரி. எனக்கு இது பாதி வைத்தியம் என்றே படுகிறது.

இன்னும் நேர்மையான வழி, பயனில்லாதபோது கூட்டலையே நிறுத்துவது. கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகள் கேட்கிறது. நான் கேட்கும் மின்சாரம் எல்லையைத் தாண்டுகிறதா? பிழை என்னை இன்னும் அதே பக்கம் தள்ளுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நோட்டை மூடி வை. இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டு, எல்லையில் முட்டினாலே நிறுத்து என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால், எப்படியோ உள்ளே ஏறிவிட்ட பெரிய எண் கழிவதற்கும் வழி அடைபட்டுப் போகும்.

நம் தொட்டியில் இது எப்படி நடக்கிறது? 55 டிகிரி வரும்வரை ‘பி’ மட்டுமே நூறுக்கு மேல் கேட்பதால் நோட்டில் ஒன்றுமே எழுதப்படவில்லை. 55-ல் ‘பி’ சரியாக 100. அதன் பிறகு அது நிமிடத்துக்கு ஏழெட்டுச் சதவீதம் குறைய, ‘ஐ’ பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூடத் தொடங்குகிறது. ஹீட்டர் படிப்படியாகத் தணிகிறது. 7.23-க்குத் தண்ணீர் 60-ஐத் தொட்டு, 7.40 வாக்கில் 60.8 வரை போய்த் திரும்புகிறது. ஏழெட்டு நிமிடத் தாமதம், ஒரு டிகிரிக்கும் குறைந்த மீறல். கன்ட்ரோலரின் மற்ற எண்கள் எதையும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது வழி ‘பேக் கால்குலேஷன்’. இது நோட்டை மூடுவதில்லை, திருத்துகிறது. கேட்டது எவ்வளவு, ஹீட்டர் உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்ற வித்தியாசத்தை எடுத்து, அதை ஒரு கால அளவால் வகுத்து, நோட்டிலிருந்து கழித்துக்கொண்டே இருக்கும். எல்லைக்குள் இருக்கும்போது வித்தியாசம் பூஜ்யம்; ஆகவே சாதாரண நாட்களில் இந்தத் திருத்தம் இருப்பதே தெரியாது. அந்தக் கால அளவை எப்படித் தேர்வது என்பதில்தான் சூட்சுமம். நம் கன்ட்ரோலரின் இன்டக்ரல் நேரம் 20 நிமிடம். திருத்தத்துக்கும் அதே 20-ஐ வைத்தால் ‘ஐ’ பங்கு நூறில் போய் உட்கார்ந்து, பழையபடி இரண்டரை டிகிரி மீறுகிறது. 5 நிமிடமாக வைத்தால் மீறல் ஒரு டிகிரிக்குள் அடங்குகிறது. அப்படியானால் இன்னும் குறைக்கலாமே என்று தோன்றும். மிகவும் குறைத்தால் வேறு ஆபத்து: சென்சாரில் வரும் ஒரு நொடிச் சலசலப்பு கன்ட்ரோலரை எல்லையில் ஒரு முறை முட்டவைத்தாலே, மணிக்கணக்கில் சேர்த்த சரியான பதினைந்து சதவீதம் கலைந்துவிடும்.

களத்தில் இதை எப்படி அடையாளம் காண்பது? வெப்பநிலையையும் கன்ட்ரோலர் அவுட்புட்டையும் ஒரே ட்ரெண்டில் போட்டுப் பார்க்க வேண்டும். வெப்பக் கோடு 60-ஐக் கடந்து மேலே போன பிறகும் அவுட்புட் கோடு நூறில் தட்டையாக ஓடினால், அது வைண்டப். இன்னொரு சோதனையும் உண்டு. தொட்டி 60-ல் நிற்கும்போது வேண்டிய வெப்பத்தை 62 ஆக்கிப் பாருங்கள். இந்தச் சிறிய தாவலில் ஹீட்டர் எல்லையைத் தொடாது. அது ஒழுங்காகப் போய் நின்று, காலையில் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கும்போது மட்டும் தாறுமாறாக ஏறினால், டியூனிங் மீது குற்றமில்லை. இது தெரியாமல் பலர் ‘ஐ’ பங்கைக் குறைத்துக் குறைத்து, காலை நேரத் தொல்லையைச் சற்றுத் தணித்து, நாள் முழுவதும் மந்தமான கன்ட்ரோலோடு காலம் தள்ளுகிறார்கள்.

கடையில் வாங்கும் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆன்டி-வைண்டப் ஏற்பாடு உள்ளே இருக்கும். ஆனால் அதற்குத் தெரிந்தது தன் சொந்த அவுட்புட்டின் 0-வும் 100-ம் மட்டுமே. மின்கட்டணத்தைக் குறைக்க யாரோ தைரிஸ்டர் பெட்டியிலேயே ஒரு திருகைத் திருப்பி ஹீட்டரை 60 சதவீதத்தோடு நிறுத்தி வைத்திருந்தால், கன்ட்ரோலர் 61 முதல் 100 வரை கேட்பதெல்லாம் காற்றில் போகிறது. அந்த இடைவெளியில் நோட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பாதியில் சிக்கி நிற்கும் நீராவி வால்விலும் இதே நிலைதான். ட்ரெண்டில் அவுட்புட் எல்லையைத் தொடாததால் பார்ப்பவரும் ஏமாறுவார். தைரிஸ்டர் வரம்பு நிலையானது என்றால் அதே 60-ஐக் கன்ட்ரோலரின் அவுட்புட் உச்சவரம்பு அமைப்பிலும் எழுதிவிட்டால் தீர்ந்தது. வால்வு விஷயத்தில் அது போதாது. வால்வுத் தண்டின் நிலையை அளக்கும் சென்சார் ஒன்றை வைத்து, அந்த அளவைக் கன்ட்ரோலருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பேக் கால்குலேஷனில் ‘கொடுத்தது எவ்வளவு’ என்ற இடத்தில், கன்ட்ரோலரின் ஊகத்துக்குப் பதிலாக அந்த அளவு போய் உட்காரும்.