ஒரு மைக்ரோ விநாடி லாபம், 200 மில்லி விநாடி நஷ்டம்

நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கப் போகிறவர்கள் டேட்டா ஷீட்டில் முதலில் தேடுவது தாமதம் எவ்வளவு என்பதைத்தான். அந்த எண் ஸ்விட்ச் வேலை செய்யும் முறையைப் பொறுத்தது.

ஸ்டோர் அண்ட் ஃபார்வர்ட் ஸ்விட்ச், வரும் ஃபிரேமை முழுதாக வாங்கிக்கொள்ளும். அதன் கடைசி 4 பைட்டில் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்தினால்தான் வெளியே அனுப்பும். பழுதானதை அங்கேயே கழித்துவிடும். கட்-த்ரூ ஸ்விட்ச் அவ்வளவு நேரம் காத்திருக்காது. போக வேண்டிய முகவரி ஃபிரேமின் தொடக்கத்திலேயே இருப்பதால், அதைப் படித்ததும் அனுப்பத் தொடங்கிவிடும். ஃபிரேம் பழுது என்று தெரியவரும்போது அதன் பெரும்பகுதி போயிருக்கும். அதனால் ஒரு கேபிள் கெட்டால், அதற்குத் தொடர்பில்லாத போர்ட்டுகளிலும் சிஆர்சி பிழைக் கணக்கு ஏறும்.

இதில் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 1500 பைட் என்பது 12,000 பிட். 10 ஜிகாபிட் வேகத்தில் அது வந்து சேர 1.2 மைக்ரோ விநாடி ஆகும். லாபம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் வெளியேறும் போர்ட் காலியாக இருந்தால் மட்டுமே. போர்ட் வேலையாக இருந்தால் கட்-த்ரூ ஸ்விட்சும் ஃபிரேமை பஃபரில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். 10 ஜிகாபிட்டில் வந்து 100 ஜிகாபிட்டில் வெளியேறும்போதும் அப்படித்தான்.

எண்களை ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1991இல் வெளியான ஆர்எஃப்சி 1242 என்ற ஆவணத்தின்படி, கட்-த்ரூவுக்கு முதல் பிட் நுழைந்ததிலிருந்து தாமதத்தை அளக்க வேண்டும். ஸ்டோர் அண்ட் ஃபார்வர்டுக்கோ கடைசி பிட் நுழைந்ததிலிருந்து. பின்னதில் ஃபிரேம் வந்து சேரும் நேரம் கணக்கிலேயே வராது.

நெரிசல் வந்தால் பஃபர்தான் பேசும். 48 போர்ட்டுகள், ஒவ்வொன்றும் 10 ஜிகாபிட், மொத்தம் 12 மெகாபைட் பஃபர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணினி கேட்ட கேள்விக்கு 20 சர்வர்கள் ஒரே நேரத்தில் தலா 60 கிலோபைட் பதில் அனுப்புகின்றன. 48 மைக்ரோ விநாடியில் 1200 கிலோபைட் வந்து குவிகிறது. அதே நேரத்தில் வெளியேறுவது 60 மட்டுமே. மீதி 1140 கிலோபைட்டுக்கு இடம் வேண்டும். பஃபரை எல்லா போர்ட்டுக்கும் சமமாகப் பிரித்திருந்தால் ஒன்றுக்கு 250 கிலோபைட்தான்; மற்றவை தொலைந்துபோகும். தேவைப்படும் போர்ட் பொதுவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால் எல்லாம் தப்பும். பதிலின் கடைசிப் பாக்கெட்டுகள் தொலைந்து, அவற்றை மறுபடி அனுப்ப டைமர் முடியும்வரை காத்திருக்க நேர்ந்தால், லினக்ஸ் சர்வரில் அது வழக்கமாகக் குறைந்தது 200 மில்லி விநாடி.

ஆகவே ‘12 எம்பி’ என்று பார்த்ததும் திருப்தியடைய வேண்டாம். அது மெகாபைட்டா, மெகாபிட்டா? எல்லா போர்ட்டுக்கும் பொதுவா, சிப்புக்குள்ளேயே பிரிக்கப்பட்டதா? ஒரு போர்ட் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம்? இவற்றை விற்பவரிடம் கேளுங்கள். அதற்காக பஃபர் பெருகப் பெருக நல்லது என்றும் இல்லை. 10 ஜிகாபிட் போர்ட்டில் 100 மெகாபைட் வரிசை கட்டினால், கடைசியில் நிற்கும் பாக்கெட்டுக்கு 80 மில்லி விநாடி தாமதம்.

ஏற்கெனவே உள்ள ஸ்விட்சில் சராசரிப் போக்குவரத்து குறைவாக இருந்தும் வெளியேறும் பக்கத்தில் டிராப் கணக்கு ஏறுகிறதா? அப்படியென்றால் நொடிக்கும் குறைவான திடீர் நெரிசலை பஃபர் தாங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அங்கே கட்-த்ரூ ஸ்விட்சுக்கு மாறிப் பயனில்லை.