"மேம், சின்ன டவுட்": கைடுக்கு அனுப்பும் மெசேஜை மாத்தி எழுதறது எப்படி?

என் ஃப்ரெண்ட் ஒருத்தி ஒரு லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். போன மாசம் தன் கைடுக்கு அவ வாட்ஸப்ல அனுப்பின மெசேஜ் இது:

"மேம், மாடல் ரன் பண்ணிட்டேன், 94% வந்திருக்கு. ஆனா டேட்டால ஏதோ பிரச்சனைன்னு தோணுது, வேற மாதிரி பிரிச்சா குறையுது. ஃப்ரீயா இருக்கும்போது பாருங்க மேம்."

பதிலா ஒரு தம்ஸ்-அப் வந்தது, அவ்வளவுதான். மேம் கண்ணுல பட்டது 94 மட்டும். அந்த எண் பேப்பர் டிராஃப்ட்லயும் ஏறிடுச்சு. சப்மிட் பண்ண ரெண்டு நாள் இருக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது.

என்ன பிரச்சனை? 400 நோயாளிகள், ஆளுக்கு 3 விழித்திரைப் படம், மொத்தம் 1,200. படங்களைக் குலுக்கிப் பிரிச்சதால, ஒரே ஆளோட ஒரு படம் டிரெயினிங்லயும் இன்னொண்ணு டெஸ்ட்லயும் போயிடுச்சு. மாடல் ஏற்கெனவே பாத்த கண்ணையே மறுபடி பாக்குது. நோயாளி வாரியா பிரிச்சா 81%தான்.

அவளுக்கு இது முன்னாடியே தெரியும். மெசேஜ்லயும் இருந்தது. ஆனா "தோணுது"ங்கற வார்த்தைக்குள்ள ஒளிஞ்சிருந்தது. நாங்க உக்காந்து அதை இப்படி மாத்தினோம்:

"மேம், ஒரு முடிவு வேணும்: டிராஃப்ட்ல 94%க்குப் பதிலா 81% போடலாமா?
செஞ்சது: நோயாளி வாரியா பிரிச்சு மறுபடி ஓட்டினேன்.
கண்டது: பழைய முறைல ஒரே நோயாளியின் படங்கள் ரெண்டு பக்கமும் இருக்கு. பிரிச்சதும் 94லிருந்து 81.
தெரியாதது: இந்தக் குறைவு முழுக்க இதனாலதானான்னு. ஒரே ஒரு தடவைதான் பிரிச்சுப் பாத்தேன்.
என் கருத்து: 81 போடலாம். வியாழன் சாயங்காலத்துக்குள்ள, வேற 5 விதமா பிரிச்சு ஓட்டி சராசரி அனுப்பறேன். வேண்டாம்னா சொல்லுங்க."

மரியாதை குறையல, "மேம்" அப்படியே இருக்கு. ஆனா கேள்வி முதல் வரிக்கு வந்துடுச்சு. நோட்டிஃபிகேஷன்ல தெரியறதே அந்த வரிதானே! கேள்வியும் "என்ன பண்ணலாம்?" இல்ல, ஆமா இல்லைன்னு பதில் சொல்லக்கூடியது. முதல் மெசேஜ்ல பாத்ததும் சந்தேகப்பட்டதும் ஒரே வாக்கியத்துல கலந்திருந்தது. இங்க "கண்டது", "தெரியாதது"ன்னு தனித்தனி. அதனால மேம் எதை நம்பலாம், எதைக் கேள்வி கேக்கணும்னு உடனே தெரியுது.

கடைசி வரில ஒரு எச்சரிக்கை. "வேண்டாம்னா சொல்லுங்க"ன்னு விட்டது மறுபடி ஓட்டற வேலைக்கு மட்டும்தான். அதைத் திருப்பிக்கலாம், போறது கொஞ்சம் கம்ப்யூட்டர் நேரம். டிராஃப்ட்ல எண்ணை மாத்தறது, டேட்டாவை அழிக்கறது இதுக்கெல்லாம் மௌனத்தை சம்மதமா எடுத்துக்காதீங்க. பதில் வரலைன்னா நேர்ல போய் 10 நிமிஷம் கேளுங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு சோதனை: முதல் வரியை மட்டும் படிச்சு ஒருத்தர் தம்ஸ்-அப் போட்டா, அவர் எதுக்கு சம்மதிச்சார்னு உங்களால சொல்ல முடியுமா? முடியலைன்னா, இன்னொரு தடவை எழுதுங்க.