இரண்டு வரிசை, ஒரே வாசல்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் அவசர அவசரமாகச் செய்து குவித்த ஸ்டென் துப்பாக்கிக்கு, நடுவழியில் சிக்கிக்கொள்ளும் என்ற கெட்ட பெயர் உண்டு. பழியில் பெரும்பங்கு அதன் பக்கவாட்டில் செருகிய தகரப் பெட்டிக்கு, அதாவது மேகசினுக்குச் சேர வேண்டும்.

மேகசினின் அடியில் ஒரு சுருள்வில். அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் தோட்டாக்கள். வில் எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். வாயில் உட்புறமாக வளைந்த இரண்டு தகர உதடுகள் முதல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும். முன்னோக்கிப் பாயும் போல்ட் அதை உருவிக் குழலுக்குள் செலுத்தும். அது பின்னால் போய்த் திரும்புவதற்குள் அடுத்த தோட்டா உதட்டுக்கு வந்துவிட வேண்டும். ஸ்டென் நொடிக்குச் சுமார் எட்டு குண்டு சுடும் என்றால், வில்லுக்கு எவ்வளவு அவசரம் பாருங்கள்!

கோல்ட் 1911 கைத்துப்பாக்கியில் தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் நிற்கும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழுதான். ஆனால் நேராக ஏறிவரும். ஸ்டெனில் 32. அவை இரட்டை வரிசையாக ஏறி, வாய்க்குச் சற்றுக் கீழே ஒற்றை வரிசையாகக் குறுக வேண்டும். ரேஷன் கடையில் இரண்டு வரிசை ஒரே ஜன்னலில் முட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுகலில் தோட்டாக்கள் ஒன்றையொன்று நெருக்கும், சுவரிலும் உரசும். கொஞ்சம் மணல் புகுந்தால் போதும், வில்லின் பலம் உராய்வுக்கே சரியாகிவிடும். அதனால்தான் சிப்பாய்கள் இரண்டு மூன்று தோட்டா குறைத்தே நிரப்பினார்கள். விரலால் நிரப்புவதும் பெரும்பாடு. அதற்கென்றே ஒரு கருவி கொடுத்திருந்தார்கள்.

உதடுகளின் கதை வேறு. தோட்டா எந்தக் கோணத்தில் குழலை நோக்க வேண்டும் என்பதை அந்த மெல்லிய தகடுதான் தீர்மானிக்கிறது. மேகசின் கீழே விழுந்து உதடு சற்று விரிந்தால், தோட்டா நேரத்துக்கு முன்பே துள்ளி, மூக்கைத் தூக்கி முட்டும். உள்ளே நசுங்கினால் இறுகிக்கொள்ளும். ஸ்டெனில் மேகசினையே கைப்பிடிபோலப் பற்றிச் சுட்டவர்களும் உண்டு. பெட்டி அசைந்தால் கோணமும் அசையும். துப்பாக்கியின் மற்ற பாகங்கள் அடிக்கடி கழற்றி மாட்டப்படாதவை. கழற்றி மாட்டி, விழுந்து, அழுக்காகி அடிபடுவது மேகசின்தான். கோளாறில் பெரும்பாலானவை அங்கே பிறப்பதில் வியப்பென்ன?

கண்டுபிடிப்பது எளிது. மேகசின்களுக்கு எண் எழுதிவைக்க வேண்டும். 3ஆம் எண் எந்தத் துப்பாக்கியில் மாட்டினாலும் சிக்குகிறது என்றால் குற்றவாளி அதுதான். கடைசி இரண்டொரு தோட்டா மட்டும் தகராறு செய்தால் வில்லைச் சந்தேகிக்கலாம். பெட்டி காலியாகும்போதுதான் அதன் தள்ளுவிசை மிகக் குறைவு.

ஸ்டெனுக்குப் பின் வந்த ஸ்டெர்லிங்கில், ஜார்ஜ் பேட்செட் அந்தக் குறுகலையே எடுத்துவிட்டார். வளைந்த 34 தோட்டா மேகசின். தட்டுக்குப் பதில் உருளைகள். தோட்டாக்கள் இடது உதட்டிலிருந்து ஒன்று, வலது உதட்டிலிருந்து ஒன்று என மாறி மாறி வெளியேறும். நம் காவலர்கள் தோளில் நெடுங்காலம் தொங்கிய, கான்பூரில் செய்த 9 மி.மீ. கார்பைன் இந்த ஸ்டெர்லிங்தான். அடுத்த முறை அந்தக் கார்பைனைப் பார்க்க நேர்ந்தால், பக்கவாட்டில் நீட்டியிருக்கும் பெட்டியின் வளைவைக் கவனியுங்கள்.