கதவு தானாக மூடுகிறதா?

“ரூமுக்குள்ள போனதும் பெட்டைப் பார்க்காதீங்க, கதவைப் பாருங்க.” சென்னை ஓட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மேலாளர் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார்.

காரணத்தையும் சொன்னார். 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகஸின் எம்.ஜி.எம். கிராண்ட் ஓட்டலில் கீழ்த்தளத்து உணவகம் ஒன்றில் தீப்பிடித்தது. இறந்த 85 பேரில் பெரும்பாலோர் தீ எட்டிக்கூடப் பார்க்காத மேல்மாடிகளில் இருந்தவர்கள். படிக்கட்டு வழியாகவும் லிப்ட் ஓடும் பாதை வழியாகவும் ஏறிய புகைதான் அவர்களைக் கொன்றது. அந்தப் புகையை அறைக்கு வெளியே நிறுத்திவைப்பது கதவு.

பிறகு ஓர் அறைக்கு அழைத்துப்போய்ச் செய்து காட்டினார். கதவை முழுக்கத் திறந்து விட்டார்; மூடிக்கொண்டது. அடுத்து ஒரு சாண் மட்டும் திறந்து விட்டார். மெதுவாக வந்து சட்டத்தைத் தொட்டு நின்றது, தாழ் விழவில்லை. “பார்க்க மூடின மாதிரிதான் இருக்கு. உள்ளே தீ எரிஞ்சா அந்த அழுத்தமே இதைத் தள்ளித் திறந்துடும்” என்றார். மேலே உள்ள டோர் குளோசரில் எண்ணெய் கசிந்திருக்கலாம், கார்ப்பெட் உரசலாம், யாராவது தாழ் விழும் ஓட்டையில் டேப் ஒட்டியிருக்கலாம். எதுவானாலும் அன்றே மெயின்டனன்ஸுக்குச் சொல்ல வேண்டும். சுத்தம் செய்யும்போது நாமே கதவடியில் மடித்துச் செருகும் துணியும் இதே கெடுதலைத்தான் செய்கிறது.

அடுத்து கூரையில் உள்ள புகை உணரி. அறைக்குள் புகைபிடிக்கும் விருந்தினர் சிலர் அதன்மேல் ஷவர் கேப்பை மாட்டிவிடுவதுண்டு. தினமும் அண்ணாந்து பார்ப்பவர் அறையைச் சுத்தம் செய்பவர் மட்டுமே.

அலாரம் அடித்தால் டிராலியை நடைவழியில் விடாமல் பக்கத்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். ஒவ்வொரு கதவையும் தட்டிக் குரல் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கவே கூடாது. சுடாவிட்டால் மாஸ்டர் கீயால் திறந்து குளியலறையையும் பார்க்க வேண்டும். தண்ணீர்ச் சத்தத்தில் அலாரம் கேட்டிருக்காது. வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வர வேண்டும். லிப்ட் வேண்டாம், படிக்கட்டுதான். நடைவழியில் புகை வந்துவிட்டால் தேடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்க வேண்டும். படிக்கட்டிலும் புகை என்றால், ஓர் அறைக்குள் போய் ஈரத்துண்டால் கதவடி இடுக்கை அடைத்து, ரிசப்ஷனுக்குப் போன் செய்ய வேண்டும். இந்த வரம்பை அவர் அழுத்திச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊழியர் உயிரும் உயிர்தானே.

“சார், ஒரு பெரியவர் வரமாட்டேன்னு உட்கார்ந்துட்டா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“ஒரு தடவை தெளிவாச் சொல்லும்மா. வாதாடிக்கிட்டு நிக்காதே. ரூம் நம்பரை மனசுல வச்சுக்கிட்டு அடுத்த கதவுக்குப் போ. கீழே எல்லாரும் கூடுற இடத்துல தீயணைப்பு வீரர்கிட்ட முதல்ல அந்த நம்பரைச் சொல்லு. நீ பார்க்காம விட்ட ரூம் நம்பரையும் சேர்த்துச் சொல்லு.”